8086 நுண்செயலியில் நகர்த்தல், சுழற்றல் கட்டளைகள்

நகர்த்தல், சுழற்றல் கட்டளைகள் என்பவை ஒரு பதிவகத்திலோ நினைவக இடத்திலோ உள்ள பிட்களை, அவற்றின் வரிசை குலையாமல், இடப்புறமோ வலப்புறமோ தள்ளும் அசெம்பிளி மொழிக் கட்டளைகள் ஆகும். நகர்த்தலில் ஓரத்தில் இருக்கும் பிட் வெளியேறிவிடும். மறுமுனையில் உண்டாகும் காலி இடத்தில் புதிய பிட் வந்து நிற்கும். சுழற்றலில் ஒரு முனையில் வெளியேறிய பிட்டே மறுமுனையில் திரும்ப நுழையும்.

இக்கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகின்றன. ஒன்று, 2, 4, 8, 16 போன்ற இரண்டின் அடுக்குகளால் விரைவாகப் பெருக்குவதும் வகுப்பதும். மற்றொன்று, ஒரு பைட்டுக்குள் இருக்கும் தனிப் பிட்டைப் பிரித்தெடுப்பது. இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 நுண்செயலியையும், அதே கட்டளைகளைக் கொண்ட 8088 நுண்செயலியையும் வைத்து இக்கட்டுரை இவ்விரண்டையும் விளக்குகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி கணினியில் இருந்தது 8088. அந்தக் கணினியின் எழுத்துத் திரையே இங்கு எடுத்துக்காட்டு. அதில் இரண்டு வேலைகளும் சேர்ந்தே வருகின்றன.

பெருக்கல் எப்படி நிகழ்கிறது

பத்தடிமான முறையில் 37 என்ற எண்ணின் வலப்பக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்தால் 370 ஆகிறது. ஒவ்வோர் இலக்கமும் ஓர் இடம் இடப்புறம் நகர்ந்ததால் மதிப்பு பத்து மடங்காயிற்று. இருநிலை எண் முறையில் அடிமானம் 2 என்பதால், அதே செயல் மதிப்பை இரு மடங்காக்குகிறது. 12 என்பது இருநிலையில் 1100. இடப்புறம் ஓர் இடம் நகர்த்தினால் 11000, அதாவது 24. இன்னோர் இடம் நகர்த்தினால் 110000, அதாவது 48. வலப்புறம் நகர்த்தினால் பாதியாகும். ஒற்றை எண்ணாக இருந்தால் மீதி 1 வெளியேறிவிடும்.

8086இல் இடப்புற நகர்த்தலுக்கு SHL, வலப்புற நகர்த்தலுக்கு SHR, குறியுள்ள எண்களின் வலப்புற நகர்த்தலுக்கு SAR என்று கட்டளைகள் உள்ளன. SAL என்ற பெயரும் புத்தகங்களில் காணப்படும். அது SHL கட்டளையின் மறுபெயரே. அசெம்பிளர் இரண்டுக்கும் ஒரே பொறிக் குறியீட்டைத்தான் உருவாக்கும். சுழற்றலுக்கு ROL, ROR, RCL, RCR என நான்கு கட்டளைகள் உள்ளன.

எந்தக் கட்டளையானாலும், கடைசியாக வெளியேறிய பிட் CF எனப்படும் கேரி கொடியில் பதிவாகும். கூட்டலில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணை நினைவில் வைப்பதற்காகச் செயலிக்குள் இருக்கும் ஒற்றைப் பிட்தான் கேரி கொடி. நகர்த்தலில் வெளியே விழும் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் கிண்ணமும் அதுவே. பிட்டைப் பிரித்தெடுக்கும் முறைகள் பெரும்பாலும் இந்தக் கொடியை நம்பியே இருக்கின்றன.

நகர்த்தும் அளவை 8086இல் இரண்டு வகையாக மட்டுமே சொல்லலாம். ஓர் இடம் நகர்த்த `SHL AX, 1` என்று எழுதலாம். அதற்கு மேல் வேண்டுமானால் எண்ணிக்கையை CL பதிவகத்தில் வைத்து `SHL AX, CL` என்று எழுத வேண்டும். `SHL AX, 5` என்று நேராக எழுதும் வசதி 80186 செயலியில்தான் வந்தது. இன்றைய அசெம்பிளர்கள் அந்த வரியை ஏற்றுக்கொள்வதால், அசல் 8086க்கு எழுதுகிறோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது உண்டு.

ஏன் பெருக்கல் கட்டளையைத் தவிர்த்தார்கள்

8086இல் MUL என்ற பெருக்கல் கட்டளை உண்டு. ஆனால் பெருக்குவதற்கென்று தனி மின்சுற்று அதில் இல்லை. பள்ளியில் தாளில் பெருக்குவதைப் போல, ஒரு பிட்டைப் பார்த்து, கூட்டி, நகர்த்தி, அடுத்த பிட்டுக்குப் போகும் நுண்நிரல் ஒன்றைச் செயலி தனக்குள்ளேயே ஓட்டுகிறது. அதனால் பதிவகத்தில் உள்ள இரண்டு 8 பிட் எண்களைப் பெருக்க 70 முதல் 77 கடிகாரத் துடிப்புகளும், 16 பிட் எண்களுக்கு 118 முதல் 133 துடிப்புகளும் ஆகின்றன. `SHL AX, 1` கட்டளைக்கோ 2 துடிப்புகள் போதும். `SHL AX, CL` கட்டளைக்கு 8 துடிப்புகளும், அதோடு நகர்த்தும் ஒவ்வோர் இடத்துக்கும் 4 துடிப்புகளும் ஆகும். ஐந்து இடம் என்றால் 28.

இந்த எண்களைப் பார்த்தவுடன் நகர்த்தல் எப்போதும் வெல்லும் என்றே தோன்றும். 8088இல் அது முழு உண்மை அல்ல என்பதைத் திரை எடுத்துக்காட்டு காட்டும்.

திரை முகவரிக் கணக்கு

ஐபிஎம் பிசியின் வண்ண எழுத்துத் திரையில் 25 வரிசைகள், வரிசைக்கு 80 பத்திகள். ஒவ்வோர் எழுத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. முதல் பைட் எழுத்தின் குறியீடு. இரண்டாவது அதன் நிறத்தைக் கூறும் பண்புப் பைட். இந்த நினைவகம் B800h என்ற செக்மென்ட்டில் தொடங்குகிறது. ஒரு வரிசைக்கு 160 பைட்கள். ஆகவே ஓர் எழுத்து இருக்கும் இடம், வரிசை எண்ணை 160ஆல் பெருக்கி, பத்தி எண்ணின் இரு மடங்கைக் கூட்டினால் கிடைக்கும். இரண்டு எண்ணும் 0இலிருந்து தொடங்குகின்றன. 12ஆம் வரிசை, 40ஆம் பத்தி என்றால் 1920 + 80 = 2000.

160 இரண்டின் அடுக்கு அல்ல. ஆனால் 128 + 32 = 160. இவை இரண்டும் அடுக்குகள். எனவே வரிசை எண்ணை ஐந்து இடம் நகர்த்தி 32 மடங்காக்கி, அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மேலும் இரண்டு இடம் நகர்த்தி 128 மடங்காக்கி, இரண்டையும் கூட்டினால் போதும்.

```
; AX = வரிசை எண்
SHL AX, 1
SHL AX, 1
SHL AX, 1
SHL AX, 1
SHL AX, 1      ; வரிசை x 32
MOV BX, AX
SHL AX, 1
SHL AX, 1      ; வரிசை x 128
ADD AX, BX     ; வரிசை x 160
```

ஏழு நகர்த்தல்களுக்கு 14 துடிப்புகள், MOV 2, ADD 3, மொத்தம் 19. MUL வழியில் 160ஐ ஒரு பதிவகத்தில் ஏற்ற 4 துடிப்புகளும், 8 பிட் பெருக்கலுக்கு 70 முதல் 77 துடிப்புகளும் ஆகும். தாள் கணக்கில் நகர்த்தல் வழி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம்.

தாள் கணக்கில் விடுபட்ட ஒன்று உண்டு. கட்டளையை நிறைவேற்றும் நேரத்தை மட்டுமே மேலே கூட்டியிருக்கிறோம். அந்தக் கட்டளையை நினைவகத்திலிருந்து செயலிக்குக் கொண்டுவரவும் நேரம் ஆகும். 8088இன் வெளிப்பாதை 8 பிட் அகலமே உடையது. ஒரு பைட்டைக் கொண்டுவர 4 துடிப்புகள் தேவை. மேலே உள்ள ஒன்பது கட்டளைகளும் தலா 2 பைட்கள், மொத்தம் 18. அவற்றைக் கொண்டுவரவே 72 துடிப்புகள் ஆகின்றன. இரண்டு துடிப்பில் முடியும் கட்டளைக்காக எட்டுத் துடிப்புகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. MUL வழியில் இருப்பதோ 4 பைட்கள் மட்டும். அவை 16 துடிப்புகளில் வந்துவிடும். பெருக்கல் நடக்கும் நீண்ட நேரத்தில் அடுத்து வரும் கட்டளைகளும் செயலியின் முன்சேமிப்பு வரிசையில் வந்து சேர்ந்துவிடும். ஆக, நான்கு மடங்கு என்று எதிர்பார்த்த லாபம் 8088இல் மிகவும் சுருங்கிப் போகிறது. 8086இன் வெளிப்பாதை 16 பிட் என்பதால் அதே நிரலைக் கொண்டுவர 36 துடிப்புகள் போதும். அங்கே லாபம் நன்றாகத் தெரியும்.

எனவே 8088க்கு எழுதியவர்கள் துடிப்புகளை எண்ணியதோடு பைட்களையும் எண்ணினார்கள். இந்தக் கணக்குக்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. 16 பிட் பதிவகமான AX, மேல்பாதி AH, கீழ்பாதி AL என இரண்டு பைட்களால் ஆனது. AL இல் உள்ளதை AH க்கு மாற்றினால், அது எட்டு இடம் இடப்புறம் நகர்த்தியதற்குச் சமம், அதாவது 256 மடங்கு. அங்கிருந்து ஓர் இடம் வலப்புறம் வந்தால் 128. இன்னும் இரண்டு இடம் வந்தால் 32.

```
; AL = வரிசை எண், AH = 0
XCHG AH, AL    ; வரிசை x 256
SHR AX, 1      ; வரிசை x 128
MOV BX, AX
SHR BX, 1
SHR BX, 1      ; வரிசை x 32
ADD AX, BX     ; வரிசை x 160
```

12ஆம் வரிசைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். முதலில் AX இல் 000Ch. பாதிகளை இடம் மாற்றியதும் 0C00h, அதாவது 3072. ஓர் இடம் வலப்புறம் நகர்த்த 1536. இதுவே 12 × 128. BX இல் உள்ள பிரதி 768 ஆகி, பின் 384 ஆகிறது. இதுவே 12 × 32. கூட்டினால் 1920. வலப்புறம் நகர்த்தும்போது எந்த மீதியும் வெளியே விழவில்லை. ஏனெனில் கீழே எட்டுச் சுழியங்கள் இருந்தன. மொத்தம் 12 பைட்கள், கொண்டுவர 48 துடிப்புகள். பழைய வழியின் 72இல் மூன்றில் இரண்டு பங்கு.

இருந்தாலும், ஒரு வரிசை முழுவதையும் எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தக் கணக்கைப் போடுவது வீண் வேலை. வரிசையின் தொடக்கத்தை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டு, அதன்பின் ஒவ்வோர் எழுத்துக்கும் 2 கூட்டிக்கொண்டே போவதே சரியான வழி. பெருக்கலை வேகமாக்குவதற்கு முன்னால், அந்தப் பெருக்கல் அந்த இடத்தில் தேவைதானா என்று பார்க்க வேண்டும்.

பெருக்கலில் நேரும் பிழைகள்

முதல் பிழை, இடம் போதாமை. திரைக் கணக்கை AX இல் செய்யாமல் AL இல் மட்டும் செய்தால் என்ன ஆகும்? 0, 1 ஆகிய வரிசைகள் சரியாகவே வரும். 160 என்பது 8 பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 2ஆம் வரிசைக்கு 320 வர வேண்டும். 2 × 32 = 64 சரியாகக் கிடைக்கும். 2 × 128 = 256 ஆகும்போது அந்த ஒற்றை 1 வெளியே விழுந்து AL சுழியமாகிவிடும். கூட்டுத்தொகை 64. விளைவு, மூன்றாவது வரியில் வரவேண்டிய சொல் திரையின் முதல் வரியில், 32ஆம் பத்தியில் போய் உட்காரும். முதல் இரண்டு வரிகள் சரியாக இருந்து, அதன்பின் எழுத்துகள் மேல்வரிகளில் ஏறி நின்றால் இந்தப் பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

குறியில்லா எண்ணில் இந்த இழப்பைக் கேரி கொடி காட்டிக்கொடுக்கும். AL இல் 200 இருக்க `SHL AL, 1` செய்தால் 400க்குப் பதில் 144 கிடைக்கும். CF 1 ஆகும். டாஸ் இயங்குதளத்தின் DEBUG நிரலில் T கட்டளையால் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தால், கொடிகளின் வரிசையில் கடைசியாக CY என்று தெரியும். இழப்பு இல்லையென்றால் அங்கே NC என்று இருக்கும்.

குறியுள்ள எண்ணுக்கு CF ஐப் பார்த்துப் பயனில்லை. 100ஐ இரு மடங்காக்கினால் 8 பிட்டில் 200 வருகிறது. எதுவும் வெளியே விழாததால் CF 0 தான். ஆனால் மேல்பிட் 1 ஆகிவிட்டதால், குறியுள்ள எண்ணாக வாசித்தால் அது -56. இதை OF எனப்படும் வழிவுக் கொடி காட்டும். அதுவும் ஓர் இடம் நகர்த்தும்போது மட்டுமே நம்பத்தக்கது. பல இடம் நகர்த்தினால் OF இன் மதிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது பிழை எதிர்ம எண்களை வகுப்பதில் வருகிறது. -7 என்பது 8 பிட்டில் 11111001. இதற்கு SHR போட்டால் மேலே 0 நுழைந்து 01111100 ஆகும். -7இன் பாதி 124 என்று விடை வரும். SAR கட்டளை மேல்பிட்டை அப்படியே பிரதி எடுத்து நிரப்புவதால் 11111100, அதாவது -4 கிடைக்கும். இது பரவாயில்லை என்றாலும், IDIV என்ற வகுத்தல் கட்டளை தரும் விடை -3. IDIV சுழியத்தை நோக்கிச் சுருக்குகிறது. SAR கீழ்நோக்கிச் சுருக்குகிறது. ஒற்றைப்படை எதிர்ம எண்களில் மட்டுமே இந்த வேறுபாடு தெரியும் என்பதால், இரட்டை எண்களை வைத்துச் சோதித்தவருக்கு இது அகப்படாது. -1 இன்னும் மோசம். அதற்கு எத்தனை முறை SAR போட்டாலும் -1 ஆகவே இருக்கும். சுழியம் வரும்வரை பாதியாக்கிக்கொண்டே போ என்று எழுதிய சுழற்சி முடிவே இல்லாமல் ஓடும்.

பண்புப் பைட்டிலிருந்து பிட்களை எடுத்தல்

திரையின் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பண்புப் பைட்டில் மூன்று செய்திகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மேல்பிட்டான 7ஆம் பிட் 1 என்றால் எழுத்து விட்டுவிட்டு மின்னும். 6, 5, 4 ஆகிய மூன்று பிட்களும் பின்புல நிறம். கீழ் நான்கு பிட்களும் எழுத்தின் நிறம். 9Eh என்ற பைட்டை எடுத்துக்கொண்டால், இருநிலையில் அது 10011110. மின்னும் பிட் 1. பின்புலம் 001, நீலம். எழுத்து 1110, அதாவது 14, மஞ்சள். நீலத்தின் மேல் மின்னும் மஞ்சள் எழுத்து.

பின்புல நிறத்தை மட்டும் எடுக்க, நான்கு இடம் வலப்புறம் நகர்த்தி, வேண்டாத பிட்டை AND கட்டளையால் அழிக்க வேண்டும்.

```
MOV AL, 9Eh
MOV CL, 4
SHR AL, CL     ; 00001001
AND AL, 7      ; 00000001 = நீலம்
```

AND வரியை விட்டுவிட்டால் மின்னாத எழுத்துகளுக்கு விடை சரியாகவே வரும். மின்னும் எழுத்துக்கு மட்டும் 1க்குப் பதில் 9 வரும். SHR க்குப் பதில் SAR எழுதினாலும் AND அந்தத் தவற்றை மறைத்துவிடும். ஆனால் பிட் வேலைக்கு SHR எழுதுவதே முறை. இங்கே பைட் என்பது எண் அல்ல, பிட்களின் அடுக்கு.

மின்னும் பிட்டை மட்டும் அறிய `SHL AL, 1` போட்டு, JC கட்டளையால் CF ஐப் பார்த்துக் கிளைக்கலாம். இப்படிச் செய்தபின் AL இல் பழைய மதிப்பு இருக்காது. பைட் பிறகும் வேண்டுமானால் SHL ஐ விட ROL நல்லது. ROL, மேல்பிட்டை CF இல் பிரதி எடுப்பதோடு, அதையே கீழ்முனையில் திரும்ப நுழைக்கிறது. எட்டு முறை சுழற்றினால் எட்டுப் பிட்களும் ஒவ்வொன்றாக CF இல் வந்துபோன பின் பைட் தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். ஒரு பைட்டை இருநிலை எண்ணாகத் திரையில் அச்சிடும் பின்வரும் நிரல் இதைப் பயன்படுத்துகிறது.

```
     MOV BL, 9Eh
     MOV CX, 8
L1:  ROL BL, 1     ; மேல்பிட் CF க்கு
     MOV DL, '0'
     ADC DL, 0     ; CF 1 என்றால் '1'
     MOV AH, 2
     INT 21h       ; DL இல் உள்ளதை அச்சிடு
     LOOP L1
```

ADC என்பது கூட்டலோடு CF இன் மதிப்பையும் சேர்த்துக் கூட்டும் கட்டளை. '0' என்ற எழுத்தின் குறியீடு 30h. CF 1 ஆக இருந்தால் 31h ஆகி '1' அச்சாகும். கிளைத்தல் எதுவும் தேவைப்படவில்லை. திரையில் 10011110 என்று வரும். முடிவில் BL இல் 9Eh அப்படியே இருக்கும். ROL க்குப் பதில் ROR எழுதினால் கீழ்பிட்டிலிருந்து தொடங்கி 01111001 என்று தலைகீழாக அச்சாகும்.

இந்த நிரலில் MOV கட்டளை ROL க்கும் ADC க்கும் நடுவே இருந்தும் கேடில்லை. MOV எந்தக் கொடியையும் தொடுவதில்லை. ஆனால் ஒரு பதிவகத்தைச் சுழியமாக்க `XOR DL, DL` எழுதும் வழக்கம் உள்ளவர்கள், இங்கும் அப்படி எழுதிவிட்டு அடுத்த வரியில் `ADC DL, '0'` என்று கூட்டுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. XOR கட்டளை CF ஐ 0 ஆக்கிவிடும் என்பதால், எந்தப் பைட்டைக் கொடுத்தாலும் 00000000 என்றே அச்சாகும். பிட்டைப் பிடித்த கொடியை, பயன்படுத்தும் முன்பே வேறொரு கட்டளை துடைத்துவிட்டது என்பதற்கு இது அடையாளம்.

எத்தனையாவது பிட் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றால், அந்த எண்ணோடு 1 கூட்டி CL இல் வைத்து SHR போட்டால், கடைசியாக வெளியேறும் பிட் நமக்கு வேண்டிய பிட்டாக இருக்கும். 3ஆம் பிட் வேண்டுமானால் CL இல் 4. பிட்டின் இடம் எழுதும்போதே தெரிந்திருந்தால் நகர்த்தலே தேவையில்லை. `TEST AL, 08h` என்று நேராகச் சோதிப்பது சுருக்கம், பைட்டும் கெடாது. பாடநூல்களில் எல்லாவற்றுக்கும் நகர்த்தலைக் காட்டுவது பயிற்சிக்காகத்தான்.

கேரி வழியாகச் சுழற்றல்

RCL, RCR ஆகிய இரண்டும் CF ஐயும் ஒரு கூடுதல் பிட்டாகச் சேர்த்துக்கொண்டு சுழற்றுகின்றன. 16 பிட் பதிவகத்துக்கு அது 17 பிட் வளையம். இதனால், ஒரு பதிவகத்தில் அடங்காத எண்ணை நகர்த்த முடிகிறது. 50000 என்பது C350h. அதன் இரு மடங்கான 100000, 16 பிட்டில் அடங்காது. DX ஐ மேல்பாதியாகவும் AX ஐக் கீழ்பாதியாகவும் வைத்துக்கொண்டு இரண்டே கட்டளைகளில் இதைச் செய்யலாம்.

```
; DX = 0000h, AX = C350h
SHL AX, 1      ; AX = 86A0h, CF = 1
RCL DX, 1      ; DX = 0001h
```

கீழ்பாதியிலிருந்து வெளியேறிய 1, CF வழியாக மேல்பாதிக்குள் நுழைந்தது. விடை 186A0h, அதாவது 100000. பாதியாக்கும்போது வரிசை மாறும்: முதலில் `SHR DX, 1`, பிறகு `RCR AX, 1`. பிட் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில்.

8085 நுண்செயலியைப் படித்துவிட்டு 8086க்கு வருபவர்கள் இங்கே பெயரில் தடுமாறுவார்கள். 8085இல் RLC என்றால் எட்டுப் பிட்களுக்குள் மட்டும் சுழற்றல். கேரி வழியாகச் சுழற்றுவது RAL. 8086இல் கேரி வழியாகச் சுழற்றுவது RCL. RLC, RCL என்ற இரண்டும் எழுத்து இடம் மாறிய ஒரே கட்டளை போலத் தோன்றினாலும் செயல் வேறு. 8085இல் நகர்த்தல் கட்டளை தனியாக இல்லை. இரு மடங்காக்க `ADD A` என்று எண்ணைத் தன்னோடே கூட்டுவதுதான் பாதுகாப்பு. RLC போட்டால் 127 வரை சரியாக வரும். 200க்குப் போட்டால் வெளியேறிய மேல்பிட் கீழே திரும்ப நுழைந்து 144க்குப் பதில் 145 வரும்.

பிந்தைய செயலிகளில்

80186 செயலியிலிருந்து நகர்த்தும் எண்ணிக்கையின் கீழ் ஐந்து பிட்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. CL இல் 32 வைத்து `SHL AX, CL` செய்தால் 8086 அதை 32 முறை நகர்த்தி AX ஐச் சுழியமாக்கும். 80286இல் 32 என்பது 0 ஆகக் கொள்ளப்படுவதால் AX மாறவே மாறாது. பழைய நிரல் ஒன்று புதிய கணினியில் மட்டும் தவறான விடை தந்தால், இது பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று.

1985இல் வந்த 80386இல், ஒரே மூச்சில் எத்தனை இடமும் நகர்த்தும் மின்சுற்று சேர்க்கப்பட்டது. பதிவகத்தை ஓர் இடம் நகர்த்தினாலும் பன்னிரண்டு இடம் நகர்த்தினாலும் 3 துடிப்புகளே ஆயின. `SHL AX, 1` என்று ஏழு முறை எழுதுவதற்கு இருந்த காரணம் அத்தோடு போயிற்று. தனிப் பிட்டை CF க்குக் கொண்டுவர BT என்ற கட்டளையும் அதில் வந்தது.

இன்றைய இன்டெல் செயலிகளில் முழு எண் பெருக்கலின் விடை 3 துடிப்புகளில் கிடைத்துவிடுகிறது. நகர்த்தலுக்கு 1 துடிப்பு. வேறுபாடு சிறியது என்றாலும், சி மொழியில் 160ஆல் பெருக்கு என்று எழுதினால் கம்பைலர் இன்றும் பெருக்கல் கட்டளையைத் தவிர்ப்பதைக் காணலாம். 160 என்பதை 5 × 32 என்று பிரித்து, LEA கட்டளையால் ஐந்து மடங்காக்கி, பின் ஐந்து இடம் நகர்த்துகிறது.

```
lea eax, [rdi+rdi*4]
sal eax, 5
```

பழைய துடிப்புக் கணக்குகளைச் சரிபார்க்க விரும்புவோர் டாஸ்பாக்ஸ் போன்ற போலிக் கணினியில் நேரம் எடுத்துப் பார்ப்பதால் பயனில்லை. அதில் சைக்கிள் என்று சொல்லப்படுவது ஏறத்தாழ ஒரு கட்டளையைக் குறிக்கிறது. MUL ஆனாலும் SHL ஆனாலும் அதற்கு ஒன்றுபோலவே. ஒன்பது நகர்த்தல், கூட்டல் கட்டளைகளைவிட ஒரு MUL அங்கே வேகமாகத் தெரியும். உண்மையான 8086இல் நடப்பது அதற்கு நேர் எதிர்.